`git log`-இல் என் பெயர் எங்கே?

மூன்று வாரம் ராத்திரி பகலாக பில்லிங் நிரலை எழுதியது நான். டீம் லீட் என் பிராஞ்சை `git merge --squash` போட்டு அவரே கமிட் செய்தார். என் 41 கமிட்டும் ஒன்றாகிவிட்டன. `git log`-இல் அவர் பெயர் மட்டும்! மீட்டிங்கிலும் "நான் பண்ணினது" என்கிறார். வயிறு எரிகிறது. கமிட் செய்யும்போது `--author`-இல் என் பெயரைச் சேர்த்திருந்தால் அது நின்றிருக்கும்.

நல்லவேளை, பழைய பிராஞ்சை யாரும் அழிக்கவில்லை. ஆனால் கமிட் தேதியை எவரும் மாற்றலாம், அது மட்டும் சாட்சிக்குப் போதாது. புல் ரிக்வெஸ்ட்டில் அவரே எழுதிய ரிவ்யூ கமெண்ட், வடிவமைப்பை விளக்கி அப்போதே நான் அனுப்பிய மெயில், இவைதான் பேசும். எல்லா லிங்கையும் தேதிவாரியாக ஒரே மெயிலில் கோத்து இன்று அவருக்கே அனுப்பிவிட்டேன். நிரலை மட்டும் வீட்டு மெயிலுக்கு அனுப்பவில்லை. அது என் மேலேயே புகாராகத் திரும்பும்.