சலைன் தடையில்லாமல் போனால் கேனுலா நன்றாக இருக்கிறதா?

“72 மணி நேரம் ஆகவில்லை, சலைனும் தடையில்லாமல் போகிறது. கொஞ்சம் சிவந்திருந்தால் பரவாயில்லை, கேனுலாவை எடுக்க வேண்டாம்.”

தவறு. சலைன் போவது குழாய் அடைக்கவில்லை என்பதை மட்டுமே காட்டும். சிரையழற்சி இருப்பதோ சிரையின் சுவரில்.

முன்கையில் போட்டு 30 மணி நேரமான கேனுலா என்று வைத்துக்கொள்வோம். மருந்து ஏற்றும்போது “எரியுது” என்கிறார் நோயாளி. ஒளிபுகும் ஒட்டுக்கு மேலாகவே விரலால் மெதுவாகத் தொட்டால் வலி, ஊசி முனையருகே சிவப்பு. சிரையழற்சியை அளவிடும் வி.ஐ.பி. ஸ்கோரில் லேசான வலியோ லேசான சிவப்போ ஒன்று மட்டும் இருந்தால் 1, கவனித்து வரலாம். வலி, சிவப்பு, வீக்கம் மூன்றில் இரண்டு சேர்ந்தால் 2. இவருக்கு 2. கேனுலாவை உடனே எடுத்துவிட வேண்டும். சிரை கயிறுபோலத் தட்டுப்படும்வரை காத்திருந்தால் ஸ்கோர் 4 ஆகிவிடும்.

புதியதை மறு கையில் போடுவது நல்லது. முடியாவிட்டால் அதே கையில் பழைய இடத்துக்கு மேலே, வேறு சிரையில். கீழே போட்டால் மருந்து மறுபடி புண்பட்ட இடம் வழியாகத்தான் போகும். அப்புறம், எடுத்த இடத்தையும் 48 மணி நேரம் பாருங்கள். அழற்சி பிறகும் தலைகாட்டும்.