மஞ்சள் கருவை ஏன் வீச வேண்டும்?

"அக்கா, மாசமா இருக்கிற ஆக்கள் முட்டை மஞ்சள் கரு தின்னக் கூடாதாம், கொலஸ்ட்ரோல் கூடுமாம், வெள்ளையை மட்டும் சாப்பிடட்டாம். வாட்சப்பில வந்தது. உண்மையா?" (ஆரையம்பதியிலிருந்து ஒரு தங்கச்சி)

பொய், தங்கச்சி. பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கோலின் என்ற சத்து அநேகமாக முழுவதும் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. வெள்ளையில் புரதம் உண்டு, கோலின் இல்லை என்றே சொல்லலாம். ஒரு பெரிய முட்டையில் சுமார் 147 மில்லிகிராம் கோலின். கர்ப்பிணிக்கு நாளுக்கு 450 அளவு தேவை. காலையில் பிட்டோடு இரண்டு முட்டை என்றால் 290க்கு மேல் வந்துவிடும். மிச்சத்தில் பெரும்பகுதி மீன், பயறு, பால் என்று சாப்பாட்டிலேயே கிடைக்கும்.

போலேட் என்ற விற்றமினின் கணக்கு வேறு. ஒரு முட்டையில் 25 மைக்ரோகிராம்கூட இல்லை, தேவை 600. அதனால் முட்டையை நம்பி கிளினிக்கில் தரும் போலிக் அசிட் குளிசையை நிறுத்தாதீர்கள். பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டு நரம்பும் உருவாகும் நரம்புக்குழாய் சரியாக மூட போலேட் வேண்டும்; அந்தக் குழாய் கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும். குளிசையைக் கருத்தரிக்க முன்பே தொடங்கச் சொல்வது அதனால்தான்.

எத்தனை? நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு, பெரும்பாலானோருக்குச் சரி. பரம்பரையாகக் கொலஸ்ட்ரோல் மிக அதிகமுள்ளவர்கள் டொக்டரிடம் கேளுங்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் வேண்டாம்.

உண்மையில் பயப்பட வேண்டியது அரை அவியலுக்கு. சல்மொனெல்லா கிருமி அதில் தப்பிவிடும். மஞ்சள் கரு ஓடாமல் இறுகும்வரை அவியுங்கள்.