கடைசிப் புள்ளியைக் கடைசியில்தான் வெட்டணும்

பயனர் தட்டும் தலைப்பையே கோப்புறைப் பெயராக்கும் நிரல் ஒன்றை நான் எழுதியிருந்தேன். லினக்ஸ் சர்வரில் ஒரு குறையும் இல்லை. மொத்தத்தையும் விண்டோஸ் கணினிக்கு நகலெடுத்தபோது ஒரு கோப்புறை காணாமல் போனது. உண்மையில் அது தொலையவில்லை, இன்னொன்றோடு கலந்துவிட்டது.

ஒருவர் "இறுதி அறிக்கை" என்றும், இன்னொருவர் "இறுதி அறிக்கை.?" என்றும் தலைப்பு வைத்திருந்தார்கள். என் நிரல் முதலில் கடைசிப் புள்ளியைத் தேடியது. கடைசியில் இருந்தது கேள்விக்குறி, அதனால் எதையும் வெட்டவில்லை. அடுத்த வரியில் கேள்விக்குறி போனது, புள்ளி வெளியே வந்து நின்றது. லினக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். விண்டோஸோ பெயரின் கடைசியில் வரும் புள்ளியையும் இடைவெளியையும் கேட்காமலே உதிர்த்துவிடும். இரண்டும் ஒன்றாகி, உள்ளே ஒரே பெயரில் இருந்த கோப்புகளில் ஒன்றின் மேல் மற்றொன்று எழுதப்பட்டது.

ஆகவே வரிசை இதுதான்:

```python
s = re.sub(r'[<>:"/\\|?*\x00-\x1f]', '', name)
s = s.rstrip('. ')
s = s or '_'
```

புள்ளியையும் இடைவெளியையும் ஒரே `rstrip`-இல் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். தனித்தனியாக வெட்டினால் "அ . ." என்பது "அ ." என்றே நின்றுவிடும். வெறும் ".." வந்தால் எதுவும் மிஞ்சாது, மூன்றாவது வரி அதற்குத்தான். நீளத்தைக் குறைப்பதாக இருந்தால் அதையும் `rstrip`-க்கு முன்பே செய்யுங்கள், வெட்டிய இடத்தில் ஒரு புள்ளி இருந்து தொலைக்கலாம். லினக்ஸில் பெயருக்கு வழக்கமான வரம்பு 255 பைட். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 85 குறியீட்டிலேயே இடம் தீர்ந்துவிடும். "கு" என்பதே இரண்டு குறியீடு!

இதற்கு இவ்வளவு பாடு எதற்கு, `[^\w]` போட்டு மற்றதையெல்லாம் தூக்கிவிடலாமே என்பார்கள். எனக்கு அந்தக் குறுக்குவழி அறவே பிடிக்காது. பைத்தானின் `re`-இல் `\w` மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் எழுத்தாகவே மதிக்காது. "கணக்கு" உள்ளே போனால் "கணகக" வெளியே வரும். தடை செய்யப்பட்ட குறிகளை மட்டும் நீக்குங்கள், என் மொழியை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, `NUL`, `CON`, `COM1` போன்ற பெயர்களில் நீக்க ஒரு குறியும் இல்லை, ஆனாலும் விண்டோஸில் அவை சாதனங்களின் பெயர்கள். `NUL.txt` என்றாலும் பிரச்சினைதான். முதல் புள்ளிக்கு முன்னுள்ள பகுதியை, பெரிய எழுத்து சிறிய எழுத்து பாராமல், அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு முன்னால் ஒரு `_` சேர்க்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் "அறிக்கை?", "அறிக்கை*" இரண்டும் ஒரே பெயராகத்தான் முடியும். அதனால் இப்போதெல்லாம் சுத்தம் செய்த பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கடைசியில் ஓர் எண்ணைச் சேர்க்கிறேன். பயனர் தட்டிய அசல் தலைப்பு, கேள்விக்குறியோடு, தரவுத்தளத்தில் அப்படியே இருக்கிறது. திரையில் காட்டுவது அதைத்தான்.