ப்ரேயரில் கடைசி வரிசையில் நின்று பாருங்கள்

வடசென்னைப் பள்ளி ஒன்றில் பல வருஷமாக ஆசிரியை வேலை. ப்ரேயரில் என் இடம் எப்போதும் மேடையோரம்தான். போன வருஷம் ஒரு திங்கட்கிழமை, பேசிக்கொண்டிருந்த பையன்களை அதட்டப் போய், கடைசி வரிசையிலேயே நின்றுவிட்டேன்.

தமிழ்த்தாய் வாழ்த்து நன்றாகவே வந்தது. எம்.எஸ்.விஸ்வநாதனின் மெட்டு வரி தெரியாத பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் உறுதிமொழி. முன்னால் மைக்கில் ஒரு மாணவி "இந்நாட்டின் பழம்பெருமைக்காகவும், பன்முக மரபுச் சிறப்புக்காகவும்" என்று ஒரே மூச்சில் சொல்ல, பின்வரிசையில் கேட்டது "...காகவும், ...காகவும்" மட்டும். அடுத்த வரி "பெருமிதம் அடைகிறேன்" வரும்போது அதுவும் இல்லை, வெறும் முணுமுணுப்பு. மேடையில் நின்றபோது எனக்கு இது கேட்டதே இல்லை. முதல் நான்கு வரிசை போடும் சத்தம் மீதியை மூடிவிடுகிறது.

வகுப்பில் வந்து கேட்டேன். ஆறாம் வகுப்பு வாண்டு ஒருத்தன், "பழம்பெருமைன்னா பழத்துக்குப் பெருமையா மிஸ்?" என்றான். சிரிப்பாக இருந்தாலும் தப்பு அவன் மேல் இல்லை. 1962-இல் பைடிமரி வெங்கட சுப்பா ராவ் தெலுங்கில் எழுதிய உரைநடை அது. தாங்கிப் பிடிக்க ராகம் கிடையாது. சொல்பவர் எங்கே நிறுத்துகிறாரோ, அதுதான் மற்றவர்களுக்குப் பிடி.

எங்களிடம் எப்போதும் அதே இரண்டு பிள்ளைகள்தான் மைக் பிடிப்பார்கள். குரல் நன்றாக இருக்கும், மனப்பாடமும் உண்டு. அதனாலேயே வேகம். சரி என்று, வாரம் ஒரு பிரிவு, தினம் ஒரு பிள்ளை என்று மாற்றினோம். முந்தின நாள் வகுப்பில் ஒரு முறை சொல்லிப் பார்ப்பார்கள். "பழம்பெருமைக்காகவும்" என்றதும் நிறுத்த வேண்டும், கூட்டம் திருப்பிச் சொல்லி முடித்த பிறகே அடுத்தது. ஒரு நிமிஷம் கூடுதலாகிறது. வெயில் நாளில் அந்த ஒரு நிமிஷத்துக்காக முணுமுணுக்கும் ஆசிரியர்களும் உண்டு, நியாயம்தான். நான் தலைமையாசிரியர் உரையைத்தான் குறைக்கச் சொன்னேன். (அவர் இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியம்.)

பாடாமல் மரியாதையாக நிற்கும் பிள்ளையை நான் சீண்டுவதில்லை. நாட்டுப்பண் பாடாமல் எழுந்து நின்ற கேரளப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என்று 1986-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு உறுத்துவது வேறு. தாமதமாக வருபவர்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்துகிறோமே, "இந்தியர் அனைவரும் என் உடன் பிறந்தவர்கள்" என்று உள்ளே சொல்லிக்கொண்டிருக்கும்போது! பெரும்பாலும் தங்கச்சியைப் பால்வாடியில் விட்டுவிட்டு ஓடிவரும் பிள்ளைகள். இப்போது அவர்களைச் சத்தமில்லாமல் கடைசி வரிசையில் சேர்த்துக்கொள்கிறோம்.

திக்கிப் பேசும் எட்டாம் வகுப்புப் பையன் முறை வந்தது. "இந்... இந்தியா" என்று நின்றான். யாரும் சிரிக்கவில்லை என்று சொல்லமாட்டேன், இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் நிறுத்தி நிறுத்திச் சொன்னதால் அன்றைக்கு ஒவ்வொரு சொல்லும் பின்னால் வரைக்கும் வந்தது.