அந்த இரண்டு வரிக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை

மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவள் போகும் பரதநாட்டிய வகுப்பில் யூடியூப் சேனல் தொடங்கியிருக்கிறார்கள். போன வாரம் ஒரு தாள் கொடுத்தனுப்பினார்கள். "என் மகள் தங்கள் சேனல் வீடியோக்களில் தோன்ற முழுச் சம்மதம். எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை." கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

அவள் ஆடுவதை நாலு பேர் பார்ப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் எந்த வீடியோ? பயிற்சி முடிந்து ஆடிக்காட்டும் ஜதிஸ்வரமா, அடவு தப்பித் திட்டு வாங்கிக் கண் கலங்கி நிற்கும் முப்பது வினாடியா? இரண்டாவதுதான் ஷார்ட்ஸில் வேகமாக ஓடும். அவள் முகத்தைத் தம்ப்நெயிலில் போடலாம், அடுத்த வருட அட்மிஷன் விளம்பரத்திலும் போடலாம். அந்த இரண்டு வரி எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கிறது. கடிதத்தில் காலவரையும் இல்லை. அவள் கல்லூரிக்குப் போன பிறகும் அது செல்லும் என்றே சொல்வார்கள்.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது. பெற்றோர் சம்மதத்தைச் சரிபார்த்து வாங்க வேண்டும் என்கிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. விதிகள் படிப்படியாகத்தான் அமலுக்கு வருகின்றன. அதற்காக, திரும்பப் பெறும் வழியை இப்போதே கடிதத்தில் எழுதிக் கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

அதனால் நானே ஒரு கடிதம் எழுதினேன். இந்த ஆண்டு விழாவில் அவள் ஆடும் ஒரு நடனத்துக்கு மட்டும் சம்மதம். பெயரும் பள்ளியும் வரக் கூடாது. பள்ளிவிட்டு நேராக வகுப்புக்கு வரும் நாளில் எடுக்கக் கூடாது, சீருடையில் இருக்கும் பேட்ஜ் ஒன்றே போதும், எந்தப் பள்ளி என்று கண்டுபிடித்துவிடலாம். ஏற்றும் முன் தலைப்பு, தம்ப்நெயில் உட்பட எனக்குக் காட்ட வேண்டும். கமெண்ட் பகுதி மூடியிருக்க வேண்டும். விளம்பரத்துக்குத் தனியாகக் கேட்க வேண்டும். வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினால், இரண்டு நாளில் ஷார்ட்ஸ் உட்பட நீக்க வேண்டும். அதற்குள் யாராவது பதிவிறக்கிப் பகிர்ந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்பது தெரியும். அதனால்தான் ஏற்றும் முன் பார்ப்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கொடுக்கும் முன் மகளைப் படிக்கச் சொன்னேன். பொறுமையாகப் படித்துவிட்டுப் பேனா கேட்டாள். கடைசியில் அவளே ஒரு வரி சேர்த்தாள்: "நான் அழும்போது எடுக்கக் கூடாது." அவள் எப்போது அழுதாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஆசிரியர் இரண்டு முறை படித்தார். இரண்டு நாளை ஒரு வாரமாக்கச் சொன்னார், எடிட் செய்பவர் சனிக்கிழமைதான் வருவாராம். சரி என்றேன். மகள் எழுதிய வரியை அவர் மாற்றச் சொல்லவில்லை.