வேலை இல்லைன்னு நாலு வரியில சொல்ல முடியாதா?

அம்மாபேட்டையில இருக்கிற எங்க சித்தி பையன் போனை நீட்டி, "அக்கா, இதுல வேலை கிடைச்சிருக்கா இல்லையா?"ன்னு கேக்கறான். ரெண்டு ரவுண்டு இன்டர்வியூ முடிச்ச பையன். மெயில் நீளுது, நீண்டுக்கிட்டே போகுது. முதல் பத்தி முழுக்கக் கம்பெனிப் பெருமை. அடுத்தது, எத்தனை திறமைசாலிங்க விண்ணப்பிச்சாங்கன்னு. கடைசியில, "தற்சமயம் வாய்ப்பளிக்க இயலவில்லை, உங்கள் விவரங்கள் எங்களிடம் இருக்கும்." தற்சமயம்னா? அடுத்த மாசம் கூப்பிடுவாங்களா? அந்த ஒரு வார்த்தையை நம்பி, அஞ்சு ரோடு பக்கம் வந்த இன்னொரு வேலைக்கு அப்புறம் சொல்றேன்னுட்டான். இதுக்கு யார் பொறுப்பு?

இப்படி எழுதியிருக்கலாமே: "இன்டர்வியூவுக்கு வந்ததுக்கு நன்றி. அக்கவுண்டன்ட் வேலைக்கு வேற ஒருத்தரை எடுத்துட்டோம். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்ட அனுபவம் அவருக்கு இருக்கு. உங்க டேலி வேலை சுத்தமா இருந்துச்சு." இவ்வளவுதானே! முடிவு ரெண்டாவது வரியிலேயே தெரிஞ்சிடுது. காரணமும் ஒண்ணு இருக்கு, அதை அவன் போய்க் கத்துக்கலாம். கூப்பிடப் போறதே இல்லைன்னா விவரத்தை வெச்சிருக்கோம்ங்கிற பேச்சு எதுக்கு? நேர்ல வரவழைச்சு உக்கார வெச்சுப் பேசின பையனுக்கு, பதில் போட முடியாத முகவரியிலிருந்து "அன்புள்ள விண்ணப்பதாரரே"வா? பேரைக்கூடவா போட முடியல?