சி.டி.ஆரைச் சுத்தி சிவப்பு வட்டம் போட்டு வந்த ஸ்கிரீன்ஷாட்

போன மாசம் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணி இருக்கும், சித்தி பொண்ணு வாட்ஸப்ல ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினா. பிளவுஸ் கட்டிங் சேனல் வெச்சிருக்கா, ஆரம்பிச்சு நாலு மாசம், 19 வீடியோ. யூடியூப் ஸ்டுடியோ பக்கம், அதுல சி.டி.ஆர் 8.2%ங்கறத சுத்தி சிவப்புல ஒரு வட்டம். கீழ, "அண்ணா, எட்டு இருந்தா சூப்பர்னுதான எல்லாரும் சொல்றாங்க, அப்புறம் ஏன் இந்த வீடியோ நகரவே மாட்டேங்குது?"

எனக்கு கோவமே இந்த "எல்லாரும்" மேலதான். சி.டி.ஆர் இத்தனை இருந்தா வைரல்னு சொல்லிக் குடுக்கறவங்க, அது எத்தனை இம்ப்ரெஷன் மேல வந்த நம்பர்னு சொல்றதே இல்ல. தம்ப்நெயில் பாதியாவது ஸ்கிரீன்ல தெரிஞ்சு ஒரு செகண்டுக்கு மேல நின்னாத்தான் ஒரு இம்ப்ரெஷன். அப்படி நூறு தடவ காட்டினதுல எத்தன தடவ தொட்டாங்கங்கறதுதான் சி.டி.ஆர். யூடியூப்பே சொல்றது என்னன்னா, பாதி சேனல்களுக்கு இது 2%க்கும் 10%க்கும் நடுவுல இருக்கும், புது வீடியோன்னா இன்னும் கன்னாபின்னான்னு ஆடும். ஆரம்பத்துல தேடி வர்றவங்களுக்கும் இந்த மாதிரி வீடியோ ஏற்கனவே பாக்கறவங்களுக்கும் காட்டும்போது நம்பர் ஏறி நிக்கும், முன்ன பின்ன தெரியாத கூட்டத்துக்குக் காட்ட ஆரம்பிச்சா இறங்கும். அதனால வீடியோ நல்லா ஓடும்போது சி.டி.ஆர் குறையறத பாத்து பயந்து தம்ப்நெயில மாத்தறவங்கள பாத்தா பாவமா இருக்கும்.

சரி, அவ நம்பருக்கு வரேன். இம்ப்ரெஷன் 9,800. அதுல 8.2%னா ஏறக்குறைய 804 வியூ. ஆனா வியூ காட்டறது 1,240. மீதி 436 எங்க இருந்து வந்துச்சு? வாட்ஸப் மாதிரி வெளிய இருந்து லிங்க தொட்டு வர்றது இம்ப்ரெஷன் கணக்குலயே சேராது. கேட்டா, "சொந்தக்காரங்க குரூப், காலேஜ் குரூப், அம்மாவோட கோலம் குரூப் எல்லாத்துலயும் போட்டேண்ணா"ங்கறா. வியூ எங்கெங்க இருந்து வந்துச்சுன்னு காட்டற ட்ராஃபிக் சோர்ஸ் பக்கம் போயி ஒவ்வொண்ணுக்கும் சராசரியா எவ்ளோ நேரம் பாத்திருக்காங்கன்னு எடுத்து அனுப்புன்னேன். எக்ஸ்டெர்னல்னு இருந்த வரிசைல சராசரி 40 செகண்ட். மாமா திறந்தாரு, நம்ம புள்ளதான்னு பாத்தாரு, லைக் போட்டாரு, மூடினாரு. அவருக்கு எதுக்கு பிளவுஸ் கட்டிங்?

வீடியோ நீளம் 11:40, ஒட்டுமொத்த சராசரி 2:55, அதாவது 25%. பாத்தா மனசு உடைஞ்சிரும். ஆனா அந்த 436 பேர ஒதுக்கி வெச்சு கணக்கு போட்டா மீதி 804க்கு சராசரி 4 நிமிஷம் 8 செகண்ட் வருது, 35%. ரெண்டு வேற வேற கூட்டத்த ஒரே அண்டால ஊத்தி கலக்கின நம்பர்தான் அந்த 25. புது சேனல்காரங்க ஸ்கிரீன்ஷாட்ட பாக்கும்போது நான் முதல்ல கேக்கறதே இதத்தான், எத்தன குரூப்ல போட்டீங்கன்னு.

அடுத்தது ரிடென்ஷன் கோடு, அதாவது வீடியோவோட ஒவ்வொரு செகண்ட்லயும் நூத்துக்கு எத்தன பேரு பாத்துட்டு இருக்காங்கன்னு காட்டற கோடு. இத ஸ்கிரீன்ஷாட்டா பாக்கறதுல ஒரு புண்ணியமும் இல்ல. ஒரு பக்கம் கோடு, இன்னொரு பக்கம் வீடியோ, கோடு இறங்கற நேரத்துக்கு வீடியோவ தள்ளி அங்க என்ன ஓடுதுன்னு பாக்கணும். வீடியோ கால்ல உக்காந்து அப்படித்தான் பாத்தோம்.

30வது செகண்ட்ல 44% பேர்தான் இருக்காங்க, 50வது செகண்ட் வந்தா 32. தலைப்பு "36 சைஸ் பிளவுஸ் கட்டிங்", தம்ப்நெயில்ல தைச்சு முடிச்ச பிளவுஸ் அழகா தொங்குது. உள்ள வந்தா லோகோ சுத்துது, மியூசிக், வணக்கம், சப்ஸ்கிரைப் பண்ணுங்க, பெல்ல அமுக்குங்க, போன வீடியோக்கு வந்த கமெண்ட்டுக்கு நன்றி. 48வது செகண்ட்லதான் துணிய விரிக்கறா. தம்ப்நெயில பாத்து வந்தவங்க கத்தரியத்தான் எதிர்பாத்து வந்தாங்க. கோட்டோட தலைப் பக்கம் எல்லா வீடியோக்கும் சரியத்தான் செய்யும், தப்பா தொட்டு வந்தவங்க போயிருவாங்க, ஆனா 50 செகண்ட்டுக்கு அப்புறம் கோடு கிட்டத்தட்ட படுத்துருச்சு பாருங்க, அதுதான் முக்கியம். பாடத்துல குறை இல்ல, வாசல்லதான் கூட்டம் திரும்பிப் போயிருக்கு.

அப்புறம் 5:10ல ஒரு பள்ளம். 24ல இருந்து 15க்கு இறங்கி 5:55ல 22க்கு ஏறிடுச்சு. இறங்கி திரும்ப ஏறினா அது ஜனங்க கிளம்பிப் போனது இல்ல, தள்ளி விட்டு பாத்திருக்காங்க. போனவங்க எப்படி திரும்பி வருவாங்க? இறங்கி இறங்கினபடியே இருந்தாத்தான் போயிட்டாங்கன்னு அர்த்தம். அந்த இடத்துல என்ன ஓடுதுன்னு பாத்தா, லைனிங் துணி எந்தக் கடைல மீட்டர் என்ன விலைக்கு வாங்கினான்னு முக்கால் நிமிஷம் கதை. வெட்டற பாடத்த பாக்க வந்தவங்க அத மட்டும் தாண்டிட்டாங்க, அவ்ளோதான்.

எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் 3:20. அங்க கோடு 28ல இருந்து 35க்கு மேல கிளம்புது. தங்கச்சிக்கு ஒரே சந்தோஷம், "இந்த இடம் எல்லாருக்கும் பிடிச்சிருக்குண்ணா". பாத்தேன். மார்பு சுற்றளவு 36, அதுல நாலுல ஒண்ணு 9, அதோட தையலுக்கு இவ்ளோ விடணும்னு நோட்டுல எழுதறா, எழுதற கையே நோட்ட மறைக்குது, கைய எடுத்த அடுத்த செகண்ட் கேமரா துணிக்கு போயிருது. கணக்கு தெரியாம ஜனங்க ரிவர்ஸ் போயி போயி பாத்திருக்காங்க. மேடு எல்லாமே கைதட்டல் இல்ல, சில மேடு புரியலன்னு அர்த்தம். கமெண்ட்ல போயி பாத்தா ரெண்டு பேரு "அளவு எழுதிப் போடுங்க சிஸ்டர்"னு கேட்டிருக்காங்க, அவளும் ஹார்ட் குடுத்திருக்கா.

வாட்ச் டைம் பத்தி சுருக்கமா. இந்த வீடியோக்கு 60 மணி நேரம் காட்டுது, 1,240 வியூவ 175 செகண்டால பெருக்கினா வர்றது அதுதான், தனியா ஒண்ணும் மந்திரம் இல்ல. முழு விளம்பர வருமானத்துக்கு ஆயிரம் சப்ஸ்கிரைபரோட, கடைசி 365 நாள்ல 4,000 மணி நேரம் வேணும் (இல்லன்னா 90 நாள்ல ஒரு கோடி ஷார்ட்ஸ் வியூ, அது வேற ரூட்டு). ஷார்ட்ஸ் ஃபீட்ல ஓடினது இந்த 4,000ல சேராது. இது தெரியாம அவ தினம் ரெண்டு ஷார்ட்ஸ் போட்டு மணிக்கணக்கு ஏறும்னு காத்துட்டு இருந்தா.

பண்ணினது ரெண்டே வேல. ஸ்டுடியோ எடிட்டர்லயே அந்த முதல் 48 செகண்ட வெட்டினோம், லிங்க், வியூ, கமெண்ட் எல்லாம் அப்படியே இருக்கும், திரும்ப அப்லோட் பண்ண வேண்டியதில்ல. அளவு முழுசையும் எழுதி கமெண்ட்ல பின் பண்ணினா. பழைய வீடியோ கோட்டுல பழைய ஆளுங்களும் கலந்தே இருப்பாங்கங்கறதால அடுத்த வீடியோவத்தான் பாக்கணும்னு சொல்லி வெச்சேன். அத குரூப்ல போடக் கூடாதுன்னும் சொன்னேன், சித்திக்கு என் மேல வருத்தம்.

அடுத்த வீடியோ போட்டு ரிடென்ஷன் வர ரெண்டு நாள் ஆச்சு. சி.டி.ஆர் 5.9%தான், 30வது செகண்ட்ல 61% பேரு இருக்காங்க. இந்த தடவ வட்டம் வேற இடத்துல போட்டு அனுப்பினா, 4:02ல ஒரு சின்ன பள்ளம். அங்க என்னடி ஓடுதுன்னு கேட்டேன்.

"அம்மா குக்கர் விசிலுண்ணா, மூணு அடிச்சுது."